கணவரின் கடன் காகிதத்தில் ஜாமீன் விதி இருந்தால்: அசல் பத்திரத்தை மீட்ட வழி

2024 ஜூலையில் வீட்டுக்கடனின் கடைசி ரூபாய் வரை கட்டி முடித்தேன். அசல் பத்திரம் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல ஒரு ஜாமீன் லிங்க் இருக்கு, மேனேஜர்கிட்ட பேசுங்க" என்றார். என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஒன்றேகால் வருடம். ஜாமீன் என்ற வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீடு. பத்திரம் என் கைக்கு வந்தது 2025 ஜனவரியில். நடுவில் போன ஆறு மாதத்தில் பாதி, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அலைந்ததில் போனது. அந்தப் பாதியையாவது நீங்கள் மிச்சப்படுத்தலாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். கணவர் பெயரில் கடன் இருந்து, அவர் வேறு யாருக்கோ ஜாமீன் கையெழுத்தும் போட்டிருந்தால் இது உங்களுக்கு. அவர் வாங்கிய கடனே பாக்கி நிற்கிறது என்றால் அது வேறு கதை.

1. கடன் காகிதம் முழுவதையும் படியுங்கள், ஒட்டிய பக்கத்தையும்

முதல் நாள் மேனேஜர் வாயால் சொன்னதை வைத்து எதுவும் செய்யாதீர்கள். வீட்டில் இருக்கும் ஃபைலை எடுங்கள்.

எங்கள் ஊர் ஈரத்தில் காகிதம் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரப் பெட்டிக்குள் வசம்பு போட்டு வைத்திருந்தும் ஃபைல் உப்பிப்போய், ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. கடன் ஒப்பந்தத்தில் ஏழாம் பக்கத்துக்கு அடுத்து பத்து வந்தது. ஒன்பதும் பத்தும் இருந்த தாள் முன் தாளோடு ஒட்டியிருந்தது. இரண்டு நாள் அடுப்பு மேடைக்கு மேல் இருக்கும் அலமாரியில் வைத்து, பழைய கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தை நடுவில் விட்டு மெதுவாகப் பிரித்தேன். கிழிந்தால் வங்கியில் நகல் கேட்கலாம்தான். ஆனால் நாம் கேட்கிற அன்றே கொடுப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

ஒன்பதாம் பக்கத்தில்தான் அந்த விதி இருந்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி. மகள் படித்துச் சொன்னதன் சாரம் இது: கடன் வாங்கியவர் இந்த வங்கிக்கு வேறு எந்த வகையில் கடன்பட்டிருந்தாலும், பிறருக்கு உத்தரவாதம் கொடுத்ததால் வந்த பொறுப்பாக இருந்தாலும், அதற்கும் இந்தச் சொத்து ஈடாக நிற்கும். அதற்குக் கீழே, தமிழில், கடைசி எழுத்தின் வாலை நீட்டிவிடும் அவருடைய கையெழுத்து.

இதைப் படித்த பிறகுதான் 2018-இல் ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. இலை எடை போடும் ஷெட்டில், அவருடைய கூட்டாளி காகிதக் கட்டை நீட்ட, இவர் சாக்கு மூட்டையின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். கூட்டாளி பச்சைத் தேயிலை ஏஜெண்ட். சிறு தோட்டக்காரர்களிடம் இலை வாங்கி ஃபேக்டரிக்குப் போடுகிறவர். வியாபாரத்துக்கு வேண்டும்போது எடுத்து, பணம் வரும்போது கட்டுகிற சி.சி. கடன் ஐந்து லட்ச ரூபாய்க்கு அவர் எடுத்திருந்தார். அதற்கு என் வீட்டுக்காரர் ஜாமீன். கடன் கொடுத்ததும் அதே வங்கி, அதே கிளை.

ஆக நீங்கள் தேட வேண்டியது இரண்டு காகிதம். ஒன்று, உங்கள் கடன் ஒப்பந்தத்தில் இப்படி மற்றப் பொறுப்புகளையும் இழுத்துப் போடும் விதி. இரண்டாவது, அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட உத்தரவாதப் பத்திரம். இரண்டாவது பெரும்பாலும் வீட்டில் இருக்காது.

2. வாரிசுச் சான்றிதழுக்கு உடனே போடுங்கள்

இது இல்லாமல் வங்கி உங்களிடம் எழுத்தில் எதுவும் பேசாது. இறப்புச் சான்றிதழ், அவருடைய ஆதார், குடும்ப அட்டை, வாரிசுகள் எல்லோருடைய ஆதார், இவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். அப்புறம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து தாசில்தார் ஒப்புதல். எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதில் ஒரு வாரம், மாமியார் ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருந்ததால் போனது.

மாமியாரை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்காதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் தாய், மனைவி, மகன், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. அவர் கையெழுத்து இல்லாமல் வங்கி பத்திரத்தைக் கொடுக்காது.

3. வாய்ப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்கடன் போன்ற தனிநபர் கடன்களை முழுதாகக் கட்டி முடித்தால் 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதமானால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். தவறு வங்கியுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் ஒப்படைக்க ஒரு நடைமுறையும் வைத்திருக்க வேண்டும்.

அந்த 5,000 ரூபாயை நினைத்து மனக்கணக்குப் போடாதீர்கள். நானும் ஒரு ராத்திரி போட்டேன், கிட்டத்தட்ட இன்னொரு வீடு வந்தது! ஜாமீன் பொறுப்பு பாக்கி இருப்பதால்தான் தாமதம், எங்கள் தவறில்லை என்று வங்கி சொல்லிவிட்டது. எனக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு, பத்திரம் தர மறுப்பதன் காரணத்தை எழுத்தில் கேட்ட கடிதம் பலித்தது. பதினெட்டாம் நாள் பதில் வந்தது. அதில்தான் முதல்முறையாகக் கணக்கு எண், தொகை, உத்தரவாதப் பத்திரத்தின் தேதி எல்லாம் இருந்தன. கேட்ட தொகை 4,60,000 ரூபாய்.

கடிதத்தை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். இந்த முத்திரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

4. எதிலும் புதிதாகக் கையெழுத்துப் போடாதீர்கள்

எல்லாவற்றையும் விட ஆபத்தான இடம் இது. மேனேஜர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். "சார் இடத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா அக்கவுண்ட் ரெகுலர் ஆயிடும், பத்திரத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று இரண்டு காகிதம் நீட்டினார். ஒன்று, 4,60,000 ரூபாய் பாக்கி உண்டு என்று ஒப்புக்கொள்ளும் கடிதம். மற்றொன்று என் பெயரில் புது உத்தரவாதப் பத்திரம்.

கணவர் போட்ட ஜாமீனுக்கு வாரிசுகள் பொறுப்புத்தான். ஆனால் அவர் விட்டுப்போன சொத்தில் நமக்கு வந்த அளவுக்கு மட்டும். என் தாலிக்கொடியும், நான் தையலில் சேர்த்த டெபாசிட்டும் அவருடைய சொத்து இல்லை. நானே புது ஜாமீன் போட்டுவிட்டால் அந்த எல்லை போய்விடும். என் சம்பாத்தியமும் உள்ளே வந்துவிடும்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்று சொல்லி, காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சண்டை போடத் தேவையில்லை. இந்த ஒரு வாக்கியம் போதும்.

5. உத்தரவாதப் பத்திரத்தில் இறப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

இதற்கு வழக்கறிஞர் வேண்டும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி உண்டு. நீலகிரிக்கு மாவட்ட ஆணைக்குழு ஊட்டியில் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எனக்கு ஆனது பஸ் செலவும், நகல் எடுத்த செலவும், ஒரு நாள் வேலையும்தான்.

அங்கே கிடைத்த வழக்கறிஞர் அம்மா முதலில் என் ஒரு நம்பிக்கையை உடைத்தார். "கடன் வாங்கினது அவர்தானே, முதல்ல அவர்கிட்ட வசூல் பண்ணட்டும்" என்றேன். அப்படிச் சட்டம் இல்லை என்றார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128-இன்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கடன்காரரைத் துரத்திவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1969-லேயே சொல்லிவிட்டதாம்.

அப்புறம் பிரிவு 131-ஐக் காட்டினார். சி.சி. மாதிரி, போட்டு எடுத்துப் போட்டு எடுத்து ஓடுகிற கணக்குக்குக் கொடுப்பது தொடர் உத்தரவாதம். ஜாமீன்தாரர் இறந்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அதற்குப் பிறகு நடக்கும் வரவு செலவுக்கு அந்த உத்தரவாதம் செல்லாது. அதுவரை இருந்த பாக்கிக்கு மட்டும் பொறுப்பு நிற்கும்.

அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்ற இடத்தில்தான் வங்கிகள் தங்கள் படிவத்தை நுழைக்கின்றன. எங்கள் பத்திரத்தில் இப்படி இருந்தது: உத்தரவாதம் அளித்தவர் இறந்தாலும், இறப்பு வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும் வரை உத்தரவாதம் தொடரும்.

அதாவது இறந்த தேதி முக்கியமில்லை, எழுதிக் கொடுத்த தேதிதான் முக்கியம். எல்லாப் பத்திரத்திலும் இதே வாசகம் இருக்காது. சிலவற்றில் நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் முடியும் என்று இருக்கும். அதனால் நகலைக் கையில் வாங்கிப் படிக்காமல் எந்தத் தேதியையும் முடிவு செய்யாதீர்கள். நகல் கேட்டு நான் கடிதம் கொடுத்தேன், மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள்.

நகல் வரும் வரை காத்திருக்காமல் இன்றே கொடுக்க வேண்டிய கடிதம் ஒன்று உண்டு. நான் கொடுத்ததை அப்படியே தருகிறேன், உங்கள் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்:

> ஐயா, தங்கள் கிளையில் ____ எண் கணக்குக்கு உத்தரவாதம் அளித்த என் கணவர் ____, ____ தேதியில் இறந்துவிட்டார். இறப்புச் சான்றிதழ் இணைத்துள்ளேன். அவர் அளித்த உத்தரவாதத்தை, வாரிசுகளாகிய நாங்கள், இனி நடக்கும் எந்த வரவு செலவுக்கும் தொடரச் சம்மதிக்கவில்லை. இன்றைய தேதியில் உள்ள பாக்கியை எழுத்தில் தெரிவிக்கவும். வேறு உத்தரவாததாரர்களும் அடமானங்களும் உண்டெனில் அவற்றின் விவரமும் தரவும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இன்னொரு ஜாமீன்தாரர் இருந்தால், வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் ஒழிய, பாரம் இருவருக்கும் சமம். எங்கள் விஷயத்தில் வேறு யாரும் இல்லை.

இந்தக் கடிதத்தை நான் கொடுத்தது 2024 ஆகஸ்டில். அன்றைய பாக்கிதான் அந்த 4,60,000 ரூபாய். அப்படியென்றால் முழுத் தொகையும் நம் தலையில்தான் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வழக்கறிஞர் அம்மா ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "இறந்த உடனே வங்கிக்கு வேற ஏதாவது எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

கொடுத்திருந்தேன். அவர் இறந்தது 2023 ஏப்ரலில். வீட்டுக்கடன் தவணையை இனி என் கணக்கிலிருந்து பிடிக்கச் சொல்லி, இறப்புச் சான்றிதழோடு மே 4-ஆம் தேதி ஒரு கடிதம். மகன்தான் சும்மா இருக்காமல் நகலில் முத்திரை வாங்கி வைத்திருந்தான். ஊதா மை பாதி அழிந்து, தேதி மட்டும் தெளிவாக இருந்தது.

வங்கியின் வாதம், அது வீட்டுக்கடன் சம்பந்தமான கடிதம், அதில் ஜாமீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பது. எங்கள் பதில், உத்தரவாதப் பத்திரம் கேட்பது இறப்பை எழுத்தில் தெரிவிப்பதை மட்டும்தான், எந்தக் கணக்குக்காகத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இல்லை, வங்கியும் ஒன்று, கிளையும் ஒன்று. இரண்டு மாதம் இழுத்து, மேல் அலுவலகத்தின் சட்டப் பிரிவு வரை போய், மே 4-ஐ ஒப்புக்கொண்டார்கள்.

6. பாக்கியை நீங்களே கணக்குப் போடுங்கள்

தேதி உறுதியானால் அந்தத் தேதியிலிருந்து இன்று வரை கணக்கு விவரம் வேண்டும். வங்கி, அது வேறொருவர் கணக்கு, தர முடியாது என்றது. சுலபமான வழி, கணக்கு வைத்திருப்பவரையே எடுக்கச் சொல்வது.

கூட்டாளி வீட்டுக்கு நானும் மாமியாரும் போனோம். என்னைப் பார்த்ததும் மனிதர் எழுந்து நின்றார், உட்காரவே இல்லை. "தங்கச்சி, இலை விலை இறங்கினதுல இருந்து புரட்ட முடியல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்றார். "அண்ணா, பணம் இப்ப கேக்கல. மே மாசத்துல இருந்து ஸ்டேட்மெண்ட் மட்டும் எடுத்துக் குடுங்க" என்றேன். மறுநாளே எடுத்துக் கொடுத்தார். கோபத்தோடு போயிருந்தால் கிடைத்திருக்காது. கோபம் இல்லாமல் போனேன் என்று சொல்லவில்லை, மாமியார் கூட இருந்ததால் அடங்கிப் போனேன்.

2023 மே 4-ஆம் தேதி பாக்கி 3,12,000 ரூபாய். அதற்குப் பிறகு அவர் எடுத்தது 3,38,000. கட்டியது 1,90,000. அதனால்தான் இன்றைய பாக்கி 4,60,000. கூட்டிக் கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.

மே 4-க்குப் பிறகு எடுத்த 3,38,000 நமக்குச் சம்பந்தமில்லை. ஆக நம் பொறுப்பு 3,12,000 என்றுதான் நான் நினைத்தேன். வங்கியும் அப்படித்தான் சொன்னது. இல்லை, இன்னும் குறையும் என்றார் வழக்கறிஞர் அம்மா.

மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பழைய பாக்கியை மூடாமல் அதே நோட்டில் தொடர்ந்து எழுதுகிறார். நடுவில் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், எதற்கு என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. அந்தப் பணம் முதலில் எந்தப் பாக்கியைத் தீர்க்கும்? பழையதைத்தான். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 61 சொல்வதும் இதுதான். மே 4-க்குப் பிறகு கூட்டாளி கட்டிய 1,90,000 ரூபாய் பழைய பாக்கியான 3,12,000-ஐத்தான் முதலில் கரைக்கிறது. மீதி 1,22,000 ரூபாய். வட்டி தனி.

இது எல்லோருக்கும் கிடைக்காது. ஜாமீன்தாரர் இறந்தது தெரிந்த அன்றே வங்கி அந்தக் கணக்கை நிறுத்தி, புது வரவு செலவுக்கு வேறு கணக்கு திறந்திருந்தால் பழைய பாக்கி அப்படியே நிற்கும். பிறகு கட்டும் பணத்தை அதில் கழிக்க வேண்டியதில்லை என்று பத்திரத்திலேயே எழுதி வைப்பதும் உண்டு. எங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லை, கணக்கையும் யாரும் நிறுத்தவில்லை. உங்கள் நகலில் இந்த இரண்டையும் பென்சிலால் கோடு போட்டுத் தேடுங்கள்.

7. பதில் வராவிட்டால் அடுத்த கதவு

எங்கள் கணக்கை எழுத்தில் கொடுத்து 30 நாள் காத்திருந்தோம். பதில் வரவில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் மகள் புகார் பதிந்தாள். கட்டணம் இல்லை. வங்கியிடம் முதலில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர்கள் பதில் திருப்தியில்லாமல் இருக்க வேண்டும். முத்திரை வைத்த கடித நகல்களைத்தான் அங்கேயும் ஏற்ற வேண்டியிருக்கும். வழக்கறிஞர் மூலமாகப் பதியக் கூடாது, நாமே பதிய வேண்டும். புகார் எண் வந்த பத்தாம் நாள் கிளையிலிருந்து போன் வந்தது, பேசலாம் வாங்க என்று.

நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தருவது சர்ஃபேசி சட்டம். இதற்குள் வங்கி அந்தச் சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் அனுப்பியிருந்தால் மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். அந்தச் சட்டத்தில் ஜாமீன்தாரரும் கடன்காரர் மாதிரியேதான். 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். நோட்டீஸைப் பிரித்த அன்றே வழக்கறிஞரிடம் போங்கள்.

8. தீர்த்த பிறகு வாங்க வேண்டிய காகிதங்கள்

வட்டி 21,000 சேர்த்து 1,43,000 ரூபாய்க்கு முடிந்தது. கூட்டாளி 80,000 கொண்டுவந்தார். மீதி 63,000-ஐ நான் கட்டினேன். ரொக்கமாகக் கட்டாதீர்கள். என் கணக்கிலிருந்து காசோலையாகக் கொடுத்து, ஜாமீன்தாரரின் வாரிசு என்ற முறையில் செலுத்தியது என்று ரசீதில் எழுதி வாங்கினேன். பின்னால் கூட்டாளியிடம் திரும்பக் கேட்க இதுதான் ஆதாரம். ஜாமீன்தாரர் தரப்பில் கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் வசூலிக்கச் சட்டம் உரிமை தருகிறது. கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

வங்கியிடம் வாங்கியவை: வீட்டுக்கடனுக்குப் பாக்கியில்லாச் சான்று, உத்தரவாதப் பொறுப்பு முழுதும் முடிந்தது என்ற தனிக் கடிதம், ரத்து என்று குறுக்கே எழுதிய அசல் உத்தரவாதப் பத்திரம். முதலாவதை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். இரண்டாவது இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து வேறு மேனேஜர் வந்து அதே கணினியில் அதே லிங்க்கைப் பார்ப்பார்.

அடுத்து பதிவு அலுவலகம். வீட்டுக்கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததாக எம்.ஓ.டி. என்ற ஆவணம் பதிவாகியிருக்கும். வங்கி அதிகாரி வந்து, கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் பதிந்தால்தான் வில்லங்கத்திலிருந்து அது தீரும். அவர் வரும் நாளைப் பிடிப்பதே பெரிய வேலை, எங்களுக்கு மூன்று முறை தள்ளிப்போனது. பதிந்த பிறகு tnreginet.gov.in தளத்தில் ஈ.சி. பார்த்து, ரசீது ஆவணம் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடான செர்சாயில் உள்ள பதிவையும் வங்கிதான் நீக்க வேண்டும். நீக்கியதற்கு ஒரு பிரிண்ட் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஈ.சி.யை நான் முதல் மாதமே பார்த்திருக்க வேண்டும். எம்.ஓ.டி. ஆவணத்தில் வீட்டுக்கடன் தொகை மட்டும்தான் குறிப்பிட்டிருந்தது, ஜாமீனைப் பற்றிப் பேச்சே இல்லை. இதையும் ஒரு கேள்வியாக வழக்கறிஞர் அம்மா கடைசிக் கடிதத்தில் சேர்த்தார். வங்கி அதற்கு மட்டும் பதிலே சொல்லவில்லை. முன்பே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

பத்திரம் கைக்கு வரும்போது மேசையிலேயே பக்கம் பக்கமாக எண்ணுங்கள். கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியல் ஒன்று ஃபைலில் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். எங்களுடையதில் மூலப் பத்திரம் ஒன்று குறைந்தது. பின்னால் வேறு உறையிலிருந்து எடுத்துவந்தார்கள். நான்கு வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் மாமியாரையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அவர் கைரேகை வைத்த மையைத் துடைக்கத் துணி கேட்டார், வங்கியில் இல்லை, முந்தானையிலேயே துடைத்துக்கொண்டார்.

கூட்டாளி இலைப் பணம் வந்ததும் மாதம் 3,000 ரூபாய் என் கணக்கில் போடுகிறார். 63,000-க்கு அவரிடம் ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்புதல் எழுதி வாங்கியிருக்கிறேன். மகன் அதையும் இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறான்.